உடுப்பின் உள்பக்கம் சொல்லும் ஆயுள்: ஃபாஸ்ட் ஃபேஷன், ஸ்லோ ஃபேஷன் ஓர் அறிமுகம்

கடையில் ஒரு டாப்பைக் கையில் எடுத்தால் நிறம், டிசைன், கழுத்து, விலை என்று பார்த்துக்கொண்டே போவோம். அதே டாப் சில மாதம் கழித்து ஆல்டரேஷனுக்கு என்னிடம் வரும்போது நான் அதையெல்லாம் பார்ப்பதில்லை. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அக்குளுக்குக் கீழே ஓடுகிற பக்கத் தையலைப் பார்ப்பேன். அங்கே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள், என்ன தையல் போட்டிருக்கிறார்கள், இழுத்தால் துணி தாங்குகிறதா என்று பார்த்தாலே அந்த உடுப்பு இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஃபாஸ்ட் ஃபேஷன், ஸ்லோ ஃபேஷன் என்று இப்போது அடிக்கடி காதில் விழுகிறதே, அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் பளிச்சென்று தெரியும்.

ஃபாஸ்ட் ஃபேஷன் என்பது புதிதாக வந்த ஒரு மாடலைப் பார்த்து, சில வாரங்களுக்குள் அதே மாதிரி ஆயிரக்கணக்கில் தைத்து, குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அடுத்த மாடலுக்குப் போய்விடுகிற முறை. வாங்குகிறவரும் கொஞ்ச நாள் உடுத்திவிட்டு அடுத்ததற்குப் போவார் என்பது அதன் கணக்கு. ஸ்லோ ஃபேஷன் இதற்கு மறுபக்கம். குறைவாக வாங்குவது, நல்ல துணியில் தைப்பது, உடம்பு மாறினால் தையலைப் பிரித்துவிடுவது, கிழிந்தால் சரிசெய்து தொடர்ந்து உடுத்துவது. இந்தப் பெயரை 2007-ல் பிரிட்டனைச் சேர்ந்த கேட் ஃப்ளெட்சர் என்ற ஆய்வாளர் பயன்படுத்தத் தொடங்கினார். பெயர்தான் புதிது. மதுரையில் புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலையில் பாதி இதுதான். இன்றைக்கு அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. பழைய ஜாக்கெட்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அங்கேயும் போகத்தான் செய்கிறார்கள்.

இதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்து விளக்கமாகச் சொல்லப்போகிறேன். ஒரு உடுப்பு தைக்கப்படும்போதே அதைச் சரிசெய்ய வழி விட்டிருக்கிறார்களா என்பதுதான் அது. ஃபினிஷிங்கும் துணியின் தரமும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து சேரும்.

முதலில் பக்கத் தையல். நம் ஊர் தையல்காரர் ஒரு ஜாக்கெட்டையோ டாப்பையோ தைத்தால், தையலுக்கு வெளியே ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் என்று துணி விட்டுத்தான் வெட்டுவார். பல ஜாக்கெட்டுகளில் பக்கத்தில் இரண்டு மூன்று தையல் வரிசையாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கிற தையல்தான் இப்போதைய அளவு. அதைப் பிரித்தால் வெளித்தையல் அடுத்த அளவு. கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட்டைப் பிள்ளை பிறந்த பிறகும் போட முடிவது இந்த ஏற்பாட்டால்தான்.

பெரிய அளவில் தைக்கிற ரெடிமேட் உருப்படியில் இந்த இடம் வேறு மாதிரி இருக்கும். ஓவர்லாக் மிஷினில் ஒரு சின்னக் கத்தி இருக்கிறது. ஓரத்தை நூலால் சுற்றித் தைத்துக்கொண்டே போகும்போது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற துணியை அந்தக் கத்தி வெட்டித் தள்ளிவிடும். வேலை சுத்தம், வேகமோ கேட்கவே வேண்டாம். ஆனால் தையலுக்கு வெளியே மிஞ்சுவது ஒரு சென்டிமீட்டர், சிலதில் அதைவிடக் குறைவு.

ஏன் அவ்வளவு ஒட்ட வெட்டுகிறார்கள்? கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஒரு டாப்பில் இரண்டு பக்கத் தையல், ஒவ்வொன்றிலும் முன்துணி ஓரம், பின்துணி ஓரம் என்று மொத்தம் நான்கு ஓரங்கள். ஓரத்துக்கு 1 சென்டிமீட்டருக்குப் பதில் 4 சென்டிமீட்டர் விட்டால் கூடுதலாகப் போவது 3 சென்டிமீட்டர். நான்கு ஓரத்துக்கும் சேர்த்து 12 சென்டிமீட்டர் அகலம். டாப் ஒரு மீட்டர் நீளம், துணியின் அகலம் 44 இஞ்ச் என்று வைத்துக்கொண்டால், ஒரு டாப்புக்குச் சுமார் 11 சென்டிமீட்டர் துணி அதிகம் வேண்டும். ஒரு டாப்புக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆயிரம் டாப்புக்கு நூறு மீட்டரைத் தாண்டிவிடும். உடுப்பின் அடக்கவிலையில் பெரும்பங்கு துணிதான் என்பதால், குறைந்த விலைக்கு விற்கிறவர் முதலில் கை வைப்பது இந்த உள்துணியில்தான். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு அந்தக் குறை தெரியவே தெரியாது.

இந்த வித்தியாசம் கையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு வேலையைச் சொல்கிறேன். கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி இரண்டு டாப் கொண்டுவந்தாள். ஒன்று தீபாவளிக்கு விளக்குத்தூண் பக்கம் எடுத்த ரேயான் டாப். இன்னொன்று அவள் அம்மா காட்டன் துணி எடுத்து, தெருவில் தைக்கிற அக்காவிடம் கொடுத்துத் தைத்தது. "அக்கா, ரெண்டுமே நெஞ்சுகிட்ட பிடிக்குது. ரெண்டு இஞ்ச் விட்டுக் குடுங்க" என்றாள்.

காட்டன் டாப்பைத் திருப்பினேன். தையலுக்கு வெளியே ஒன்றேகால் இஞ்ச் துணி. சுற்றளவில் இரண்டு இஞ்ச் வேண்டும் என்றால், நான்கு ஓரத்திலும் அரை அரை இஞ்ச் விட்டால் போதும். விட்ட பிறகும் முக்கால் இஞ்ச் மிச்சம் இருக்கும். கையின் வாய்ப்பகுதியில் மடிப்புத் தையலை ஒரு இஞ்ச் பிரித்துவிட்டு, பழைய தையலுக்கு அரை இஞ்ச் வெளியே சாக்பீஸில் கோடு போட்டேன். கை வாயில் தொடங்கி, அக்குளைச் சுற்றி, பக்கவாட்டில் இறங்கி, சைடு கட் தொடங்குகிற இடத்தில் பழைய தையலோடு மெல்லச் சேர்கிற மாதிரி ஒரே ஓட்டமாகத் தைக்க வேண்டும். புதுத் தையலைப் போட்ட பிறகுதான் பழையதைப் பிரிக்க வேண்டும். முதலிலேயே பிரித்தால் முன்துணியும் பின்துணியும் நகர்ந்து ஏறுக்குமாறாகிவிடும். அக்குள் வளைவில் மட்டும் உள்துணி இழுத்துப் பிடிக்கும், அங்கே இரண்டு மூன்று இடத்தில் தையலைத் தொடாமல் கத்தரியால் சின்ன வெட்டு கொடுத்தால் படிந்து உட்காரும். அரை மணி நேர வேலை.

ரேயான் டாப்பில் மிஞ்சியது ஓவர்லாக்கோடு சேர்த்து ஒரு சென்டிமீட்டர். எவ்வளவு ஒட்டிப் போனாலும் ஓரத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் விட முடியாது. நான்கு ஓரத்துக்கும் சேர்த்து அரை இஞ்ச்கூட வராது. அதற்கும் மேல் போனால் இழை நழுவித் தையல் ஓரத்தைவிட்டுக் கழன்றுவிடும். ஆக, பக்கத் தையலை முழுசாகப் பிரித்து, கை வாயிலிருந்து சைடு கட் வரை நீளமாக ஒரு பட்டை வைத்துத் தைப்பது ஒன்றுதான் வழி. தைத்து முடித்த பிறகு பட்டை ஒரு இஞ்ச் அகலம் வேண்டும் என்றால், இரண்டு பக்கமும் தையலுக்கு அரை அரை இஞ்ச் சேர்த்து இரண்டு இஞ்சில் பட்டை வெட்ட வேண்டும். அந்தத் துணிக்கு எங்கே போவது? தைத்துக் கொடுக்கிற இடத்தில் வெட்டு மிச்சம் கிடைக்கும், ரெடிமேடில் அது கிடையாது. கீழ் மடிப்பும் அரை இஞ்ச்தான், அதிலிருந்தும் எடுக்க முடியாது. கடைசியில் கறுப்புத் துணியில் பட்டை வைத்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேலை நேரம் மூன்று மடங்கு, கூலியும் அதற்கேற்ற மாதிரி. டாப் வாங்கின விலையோடு கூலியை ஒப்பிட்டால் "புதுசே வாங்கிக்கலாமே" என்று யாருக்கும் தோன்றும். ஃபாஸ்ட் ஃபேஷன் உடுப்பு குப்பைக்குப் போகிற வழி இதுதான். துணி நன்றாக இருக்கும்போதே, சரிசெய்வது கட்டுப்படியாகாமல் போய்விடுகிறது.

ஓவர்லாக்கே மோசம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. டீ-ஷர்ட் மாதிரி இழுபடுகிற பின்னல் துணிக்கு ஓவர்லாக்தான் சரியான தையல். அது துணியோடு சேர்ந்து நீளும், சாதாரண நேர்த்தையல் அந்த இடத்தில் அறுந்துவிடும். நெய்த துணியில்தான் பார்க்க வேண்டும். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிப்பதே ஓவர்லாக் மட்டும்தானா, அல்லது முதலில் ஒரு நேர்த்தையல் ஓடி, அதற்கு வெளியே பிசிறு வராமல் இருக்க ஓவர்லாக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சோதிக்கச் சுலபமான வழி, தையலின் இரண்டு பக்கமும் துணியைப் பிடித்து மெதுவாக விரித்து இழுப்பது. ஓவர்லாக் மட்டும் என்றால் தையல் பல்லை இளிக்கும், நூல்கள் குறுக்கே கம்பி கம்பியாகத் தெரியும். நேர்த்தையல் இருந்தால் மூடியே இருக்கும்.

அதே மாதிரி ஒரு இஞ்சுக்குள் எத்தனை தையல் என்று ஸ்கேலை வைத்து எண்ணிப் பாருங்கள். காட்டன் டாப்புக்கும் சட்டைக்கும் பத்திலிருந்து பன்னிரண்டு இருந்தால் நல்ல தையல். ஏழுக்குக் கீழே போனால் மிஷினை வேகமாக ஓட்டுவதற்காகத் தையலை நீளமாக வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். மெல்லிய துணியில் பதினைந்து பதினாறு என்று நெருக்கிக் குத்தினால், ஊசித் துளைகளே வரிசையாகச் சேர்ந்து கிழிவதற்குக் கோடு போட்டுக் கொடுத்துவிடும்.

இங்கே தையல்காரர்கள் மனத்தில் வைத்திருக்கிற ஒரு விதி உண்டு. இழுபட்டால் முதலில் நூல் அறுந்துபோக வேண்டும், துணி கிழியக் கூடாது. நூல் அறுந்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி ஒரு தையல் ஓட்டிவிடலாம். துணி கிழிந்தால் ஒட்டுப் போட வேண்டும், அந்த இடம் பழையபடி ஆகாது. மெல்லிய, தளர்வான துணியை உறுதியான பாலியெஸ்டர் நூலால் இறுக்கித் தைத்தால் இந்த விதி தலைகீழாகிவிடும். அப்படிப்பட்ட டாப்பில் தையல் அப்படியே நிற்கும், அதற்குப் பக்கத்தில் துணி விட்டுப்போயிருக்கும்.

இங்கிருந்து துணிக்கு வருவோம். இப்போது டாப்புகளில் நிறைய ரேயான்தான். வழவழப்பாக, குளிர்ச்சியாக, நிறம் பளபளவென்று இருக்கும். மரக்கூழிலிருந்து எடுக்கிற இழை அது. அதில் ஒரு குணம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பருத்தி இழை நனைந்தால் கொஞ்சம் வலுவாகும். சாதாரண ரேயான் நனைந்தால் தன் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிடும், காய்ந்த பிறகுதான் திரும்பப் பெறும். நம் வீடுகளில் துணி துவைக்கிற முறையை நினைத்துப் பாருங்கள். ஊறவைத்து, துவைகல்லில் அடித்து, முறுக்கிப் பிழிந்து, கொடியில் ஈரத்தோடு தொங்கவிடுகிறோம். பருத்திக்கு இந்த முறை பொருந்தும். ரேயானை அது வலுவிழந்திருக்கிற நேரம் பார்த்து அடித்து முறுக்குகிற மாதிரி ஆகிவிடுகிறது. ஈரப் பாரத்திலேயே அது நீண்டும் போகும். மதுரை வெயிலில் வியர்வையில் நனைந்தே இருக்கிற அக்குள் பகுதிதான் ரேயான் டாப்பில் எப்போதும் முதலில் விடுகிறது என்பதில் ஆச்சரியம் இல்லை.

கடையில் நின்றுகொண்டு துணியைச் சோதிக்க மூன்று விஷயம் போதும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நெசவு சீராக இருக்கிறதா, அங்கங்கே மேகம் கட்டின மாதிரி அடர்த்தியும் மெலிவுமாக இருக்கிறதா என்று தெரியும். அடுத்து, துணியின் ஒரு இடத்தை இரண்டு கையால் கசக்கித் தேய்த்துப் பாருங்கள். விறைப்பாக இருந்த துணி தொளதொளவென்று ஆகி, வெள்ளைத் தூள் உதிர்ந்தால், கையில் பட்ட கனம் கஞ்சியின் கனம். முதல் துவையலில் அது போய்விடும். மூன்றாவது, பக்கத் தையலின் இரண்டு பக்கமும் பெருவிரலை வைத்துக் குறுக்கே இழுங்கள். தையல் ஓரத்தில் இழைகள் விலகிச் சின்னச் சின்ன இடைவெளி தெரிந்து, விட்ட பிறகும் மூடாமல் இருந்தால் அந்தத் துணி தையலைத் தாங்காது. எந்தத் தையல்காரராலும் அதைக் காப்பாற்ற முடியாது. மூன்றில் நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

உருண்டை கட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில துணிகளில் கொஞ்ச நாளிலேயே தொடை உரசுகிற இடத்திலும் கைப்பை படுகிற இடத்திலும் சின்னச் சின்னப் பஞ்சு உருண்டைகள் வரும். இழை குட்டையாக இருந்தால் அதன் நுனிகள் வெளியே வந்து உரசலில் சுருண்டு உருண்டையாகும். தூய பருத்தியில் அந்த உருண்டை நாளடைவில் உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் அந்த இழை அறுந்துபோகாமல் உருண்டையைப் பிடித்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் கலப்புத் துணி சீக்கிரம் பழசாகத் தெரிகிறது. லேபிளில் காட்டன் என்று போட்டிருப்பது மட்டும் இதற்கு உத்தரவாதம் ஆகாது. மட்டமான குட்டை இழையில் நூற்றதும் காட்டன்தான்.

மதுரைக்காரர்கள் சுங்குடியைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். சௌராஷ்டிர சமூகத்தார் வழிவழியாகச் செய்துவந்த, 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலை. கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்ததில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, நடுவில் சின்னச் சாயத் துளியோடு கோணல் வட்டமாக இருக்கும், முடிச்சு இருந்த இடம் லேசாகச் சுருங்கிக் கைக்குத் தட்டுப்படும், இரண்டு பக்கமும் ஒரே அளவு சாயம் ஏறியிருக்கும். அச்சடித்ததில் புள்ளிகள் அச்சுப் பிசகாமல் வரிசையாக நிற்கும், மறுபக்கம் வெளிறியிருக்கும். அச்சுச் சுங்குடி உழைக்காது என்று நான் சொல்ல மாட்டேன், நல்ல பருத்தியில் இருந்தால் அதுவும் வருடக்கணக்கில் வரும். முடிச்சுச் சேலையின் விலையை அதற்குக் கொடுக்காமல் இருந்தால் சரி.

இனி, சரிசெய்த அடையாளங்கள். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி இது. ஒரு பழைய உடுப்பில் யாரோ சரிசெய்த தடம் இருந்தால், அந்தத் துணி சரிசெய்யத் தகுந்ததாக இருந்திருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது என்று ஒருவர் நினைத்திருக்கிறார் என்ற இரண்டும் ஒரே நேரத்தில் தெரியும். அந்தத் தடங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால், பீரோவில் இருக்கிற அம்மாவின் ஜாக்கெட்டும் அப்பாவின் சட்டையும் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

பிரித்துவிட்ட தடத்தை முதலில் பாருங்கள். மேலே சொன்ன காட்டன் டாப்பில் பழைய தையல் இருந்த இடம் இப்போது வெளிப்பக்கம் வந்துவிட்டது. புதுத் தையலுக்கு இரண்டு பக்கமும் அரை அரை இஞ்ச் அகலத்துக்கு, வெயில் படாமல் இருந்த துணி கூடுதல் நிறத்தோடு ஒரு பட்டையாகத் தெரியும். அதன் ஓரத்தில் பழைய ஊசித் துளைகள் புள்ளிப் புள்ளியாக ஓடும். பருத்தியில் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டு, இரண்டு முறை துவைத்தால் துளைகள் மூடிவிடும். நிறமும் நாளாக நாளாகச் சேர்ந்துகொள்ளும். பட்டில் துளை மூடாது, அதனால் பட்டு ஜாக்கெட்டில் எத்தனை முறை பிரித்துவிட்டார்கள் என்று துளை வரிசையை எண்ணியே சொல்லிவிடலாம். ஒரு பெரியம்மாவின் பட்டு ஜாக்கெட்டில் ஒவ்வொரு பக்கமும் மூன்று வரிசை இருந்தது. கடைசி வரிசைக்கு வெளியே அரை இஞ்ச் துணிதான் மிச்சம். இனிமேல் அதில் விட இடமில்லை என்றதும், அக்குளில் சதுரத் துண்டு வைத்துத் தரச் சொல்லிக் கேட்டார். அவரிடம் அந்த ஜாக்கெட்டின் வெட்டுத் துண்டு இருந்தது. தையல்காரர் அன்றைக்குக் கொடுத்ததை மடித்து அதே சேலைக்குள் வைத்திருந்தார்.

ஒட்டுப் போட்ட இடத்தை இப்படிப் படிக்க வேண்டும். ஒட்டுத் துணியின் இழையும் உடுப்பின் இழையும் ஒரே திசையில் ஓடினால் போட்டவருக்கு வேலை தெரியும். குறுக்கே வைத்தால் துவைத்த பிறகு ஒட்டு ஒரு பக்கமாக இழுத்துச் சுருங்கும். மூலைகளை வளைத்து வெட்டியிருக்க வேண்டும், கூர்மையான மூலையில்தான் பிசிறு முதலில் எழும்பும். ஒட்டு ஓட்டையின் அளவுக்கு மட்டும் இருக்கக் கூடாது. ஓட்டையைச் சுற்றியுள்ள துணியும் நைந்துதான் இருக்கும், அதைத் தாண்டி உறுதியான துணியில் தையல் விழுகிற அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். புதுத் துணியை நனைத்துக் காயவைக்காமல் நைந்த துணியில் ஒட்டியிருந்தால், அது சுருங்கும்போது பழைய துணியையும் சேர்த்துக் கிழிக்கும். ஒட்டுக்குச் சுற்றிலும் புதுக் கிழிசல் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சின்ன ஓட்டைகளுக்கு ஒட்டு வேண்டாம், இழை ஓட்டினால் போதும். ஓட்டைக்கு அரை இஞ்ச் வெளியே தொடங்கி, நெடுக இழைகளை ஓட்டி, பிறகு குறுக்கே ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகக் கோத்து, அந்த இடத்தில் புதிதாக நெய்து கொடுப்பது. ஒவ்வொரு திருப்பத்திலும் நூலை இறுக்காமல் கொஞ்சம் வளைவு விட வேண்டும், நூல் சுருங்கினால் துணியை இழுக்காமல் இருக்க. இதற்கு மிகச் சிறந்த நூல் கடையில் கிடைக்காது. அதே உடுப்பின் உள்துணியிலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுக்கிற இழைதான் நிறத்திலும் தடிமனிலும் பொருந்தும். பக்கத்தில் ஒன்றேகால் இஞ்ச் துணி விட்டிருந்தால் பெரிதாக்கவும் அதுதான் உதவும், ஒட்டுக்கும் அதுதான், இழைக்கும் அதுதான். ஓவர்லாக் கத்தி வெட்டித் தள்ளியது இந்த மூன்றையும் சேர்த்துத்தான்.

சட்டையில் இதே கதை காலரில் நடக்கும். கழுத்து உரசுகிற மடிப்பில் காலர் தேய்ந்து வெள்ளையாகி விட்டுப்போகும்போது, மற்ற இடமெல்லாம் நன்றாகவே இருக்கும். காலரை அதன் பட்டியிலிருந்து பிரித்து, தேய்ந்த பக்கம் அடியில் போகிற மாதிரி திருப்பித் தைத்தால் இன்னொரு ஆயுள் கிடைக்கும். பழைய சட்டைகளில் காலர் மட்டும் புதிதாகத் தெரிந்தால், பின்பக்கம் தூக்கிப் பாருங்கள், தேய்ந்த கோடு அங்கே இருக்கும். மலிவுச் சட்டையில் இது கைகொடுப்பதில்லை. காலருக்குள் பசை போட்டு ஒட்டுகிற கேன்வாஸ் மட்டமாக இருந்தால், துணி ஒரு அளவுக்கும் கேன்வாஸ் வேறு அளவுக்கும் சுருங்கி, பசை விட்டு, காலர் முழுக்கக் கொப்பளம் கொப்பளமாக எழும்பிவிடும். திருப்பினாலும் கொப்பளம் கூடவே வரும். வாங்கும்போது காலரை விரலுக்கு நடுவே லேசாக உருட்டிப் பாருங்கள், உள்ளே தனித்தனியாக நழுவினாலோ காகிதம் மாதிரி சலசலத்தாலோ யோசிக்க வேண்டும்.

இந்தச் சோதனைகளுக்கு ஒரு எல்லை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தையல் சொல்வது உடுப்பின் ஆயுளை மட்டும். தைத்தவருக்கு என்ன கூலி கிடைத்தது, எந்த மாதிரிக் கட்டடத்தில் உட்கார்ந்து தைத்தார் என்பதைச் சொல்லாது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்து ஆயிரத்து நூறு பேருக்கும் மேல் இறந்தார்கள், பெரும்பாலும் உடுப்பு தைக்கிற தொழிலாளர்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது. அங்கே தைத்த சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து யாரும் அந்த விரிசலைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஸ்லோ ஃபேஷன் என்று பேசுகிறவர்கள் கூலியையும் வேலை செய்கிற இடத்தையும் சேர்த்துப் பேசுவது இதனால்தான்.

விலையும் பிராண்டும்கூட நம்பத்தகுந்த அளவுகோல் இல்லை. விலை உயர்ந்த டாப்பிலும் ஒரு சென்டிமீட்டர் ஓவர்லாக்கைப் பார்த்திருக்கிறேன். பிளாட்பாரத்தில் விற்ற காட்டன் நைட்டியில் இரண்டு முறை மடித்துத் தைத்த ஓரத்தையும் பார்த்திருக்கிறேன். தெருத் தையல்காரர் தைத்தது எல்லாமே ஸ்லோ ஃபேஷன் ஆகிவிடாது. தீபாவளி நெருக்கடியில் அவரும் துணியை ஒட்ட வெட்டி, ஓவர்லாக் அடித்துக் கொடுத்துவிடுவார், நாம் சொல்லாவிட்டால்.

சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. துணியைத் தைக்கக் கொடுப்பதற்கு முன்னால் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். காட்டன் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பங்கு சுருங்கும் என்பதால், 42 இஞ்ச் டாப் முதல் துவையலிலேயே இரண்டு இஞ்ச் ஏறிவிடலாம். லைனிங் துணியையும், சேலைக்கு ஃபால்ஸையும் அதே மாதிரி நனைக்க வேண்டும். நனைக்காத ஃபால்ஸ் சுருங்கினால் சேலையின் கரையே சுருக்கம் சுருக்கமாக நிற்கும். பக்கத்துக்கு ஒன்றேகால் இஞ்ச் விடச் சொல்லுங்கள், கையிலும் அதே அளவு. பக்கத்தில் மட்டும் விட்டுக் கையில் விடாவிட்டால் பிரித்துவிடும்போது அக்குளில் வந்து வேலை நின்றுவிடும். கீழ் மடிப்பு ஒன்றரை இஞ்ச் இருக்கட்டும். ஓவர்லாக்கை உள்துணியின் விளிம்பில் மட்டும் போட்டால் போதும் என்று வெட்டுகிறவரிடமே சொல்லிவிடுங்கள். வெட்டு மிச்சத்தைக் கேட்டு வாங்கி, டாப் துவைக்கும்போதெல்லாம் அந்தத் துண்டையும் சேர்த்தே துவையுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒட்டுக்கு எடுக்கும்போது நிறம் பொருந்தும்.

ரெடிமேட் ரேயான் டாப் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதையும் நீடிக்க வைக்கலாம். முதல் முறை உடுத்துவதற்கு முன்பே, உள்ளே இருக்கிற ஓவர்லாக்குக்கு ஒட்டி 11-ம் நம்பர் ஊசியில் ஒரு நேர்த்தையல் ஓட்டச் சொல்லுங்கள். அக்குளில் மட்டும், தையலோடு சேர்த்து அரை இஞ்ச் அகலக் காட்டன் நாடா ஒன்றை உள்பக்கம் வைத்துத் தைத்தால் இழுவையை நாடா தாங்கிக்கொள்ளும். நாடாவையும் நனைத்துக் காயவைத்துத்தான் வைக்க வேண்டும். துவைக்கும்போது உள்பக்கம் திருப்பி, அடிக்காமல் அலசி, பிழியாமல் துண்டில் சுற்றி ஈரத்தை அழுத்தி எடுத்து, கொடியில் தொங்கவிடாமல் நிழலில் பரப்பிக் காயவையுங்கள்.